பத்துச் சொல்லுக்குள் ஒரு தெருப்படம்: உடை, அடுக்கு, மனநிலை மூன்றும் அடங்குமா?

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 8, இரவு 9.15

டிசம்பர் கடைசி வாரத்தில், உதகை நகராட்சிச் சந்தையின் வாயிலில், காலை ஏழு மணி அளவில் ஒரு படம் எடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா கையில் தேநீர்க் குவளையுடன் நிற்கிறார். சேலை, அரக்கு நிற ஸ்வெட்டர், தலையைச் சுற்றி ஒரு துணி, காலுறை, அதன் மேல் ரப்பர் செருப்பு. எடுத்த பிறகு படத்தை அவரிடம் காட்டினேன்; பார்த்துச் சிரித்தார், அச்சிடலாம் என்றார். பெயர் போடுவதாக இல்லை.

இருபத்து நான்கு தெருப்படங்கள் கொண்ட ஒரு சிறு நூலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுகிறேன். படத்துக்குக் கீழே இடமும் நேரமும் தனி வரியில் வரும். அதற்கு மேலே உள்ள வரியில், பத்துச் சொல்லுக்கு மிகாமல், உடையையும் அடுக்கையும் மனநிலையையும் சொல்லிவிட வேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட விதி. முதலில் எழுதியது இது:

"உதகையின் உறையவைக்கும் குளிரிலும் தன் கடின உழைப்பைக் கைவிடாத ஒரு தாயின் தன்னம்பிக்கை மிளிரும் பாரம்பரியமும் நவீனமும் கலந்த அழகிய உடை"

நீளம் என்பது எனக்கே தெரிகிறது. எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி.

பயணப்பை | ஜனவரி 8, இரவு 9.52

ஜனவரியில் உதகைக்குச் செல்பவர்கள் உடலோடு ஒட்டிய உள்ளாடை ஒன்று, அதன் மேல் முழுக்கைப் பனியன், அதன் மேல் காற்றுப் புகாத மேலாடை என மூன்று அடுக்காக அணிவது நல்லது. குழந்தைகளுக்குக் குரங்குக் குல்லாவை மறக்காதீர்கள். காலையில் படகு இல்லத்தில் கூட்டம் குறைவாக இருக்கும்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 8, இரவு 10.04

நன்றி. போய் வந்துவிட்டேன்.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 9, காலை 6.30

தம்பி, உங்கள் வரியில் பதினாறு சொற்கள் இருக்கின்றன. அவற்றில் ஆடையைக் குறிப்பது கடைசியில் வரும் "உடை" ஒன்றுதான். படத்தைப் பார்க்காத ஒருவர் இந்த வரியை மட்டும் படித்தால், அந்த அம்மா எதை அணிந்திருந்தார் என்று ஒன்றையும் சொல்ல முடியாது. அவர் தாயா என்பதும் உங்களுக்குத் தெரியாது. தன்னம்பிக்கை, கடின உழைப்பு ஆகியவை நீங்கள் அவர் மீது ஏற்றியவை. எதை வெட்டுவது என்று கேட்டால், முழுவதையும் வெட்டுங்கள் என்பேன்.

ஒரு வார இதழின் உடைப்பக்கத்துக்கு நான் பதினோரு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன். எங்கள் வழக்கம் எளிமையானது. முதலில் ஆடைகளை உள்ளிருந்து வெளியே வரிசையாக ஒரு துண்டுத்தாளில் எழுத வேண்டும். பிறகு அவற்றுள் எவை ஒன்றன் மேல் ஒன்று இருப்பதால் படமே படமாகிறதோ, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மனநிலைக்கான சொல்லைக் கடைசியாகத்தான் தேட வேண்டும். பல நேரங்களில் அதற்குத் தேவையே இருக்காது. நீங்கள் அந்தப் பட்டியலை எழுதிவிட்டு வாருங்கள்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 9, பகல் 1.20

அம்மா சொன்னபடி பட்டியலிட்டேன்: ரவிக்கை, சேலை, கம்பளி ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேலே தலையைச் சுற்றி இழுத்துப் போர்த்திய முந்தானை, காலுறை, செருப்பு. முந்தானையின் ஓரத்தில் கோடுகள் தெரிகின்றன. இந்தப் படத்தில் என்னைக் கவர்ந்ததே அந்த முந்தானைதான். ஸ்வெட்டரை உள்ளே போட்டு முந்தானையை வெளியே விட்டால் சேலையின் கம்பீரம் குலையாமல் இருக்கிறது. ஆகவே:

"கம்பளி ஸ்வெட்டருக்கு மேல் கோடு போட்ட முந்தானை, கையில் தேநீர், முகத்தில் நிதானம்."

எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாகப் பத்து.

மலைநாட்டான் | ஜனவரி 9, மாலை 4.45

உதகையில், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு இருந்தால் அது தோடர்களின் புத்துக்குளியாகத்தான் இருக்கும். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வளவு சிறப்பான ஒரு துணியை "கோடு போட்ட முந்தானை" என்று எழுதுவது அதற்குச் செய்யும் அநீதி. "புத்துக்குளி போர்த்திய உதகை" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடலாம்.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 9, மாலை 6.10

மலைநாட்டாரே, வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் என்பதும், குறியீடு கிடைத்த ஆண்டும் சரி. ஆனால் அந்தத் துணியை அடையாளம் காட்டுவது கோடு மட்டுமன்று. பட்டைகளை ஒட்டி, இழைகளை எண்ணி எண்ணி ஊசியால் போடும் தையல்வேலை இருக்கும். அது துணிக்கு மேலே சற்றே புடைத்துத் தெரியும். மேலும் புத்துக்குளி உடலை முழுவதுமாகச் சுற்றிப் போர்த்தும் பெரிய துணி. தலையைச் சுற்றிக் கழுத்தருகே முடிந்துவிடும் அளவிலான ஒரு துணியில், தையல்வேலை தெரியாத நிலையில், நாம் அந்தப் பெயரை எழுதினால் அந்த அம்மாவை ஒரு சமூகத்துக்குள்ளும் சேர்த்துவிடுகிறோம். படக்குறிப்பில் ஒரு பெயர் தவறினால், அதைப் பின்னர் மூன்று பேர் மேற்கோள் காட்டுவார்கள்.

இப்போது தம்பிக்கு ஒரு கேள்வி. அது முந்தானைதான் என்று எப்படித் தெரியும்?

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 9, இரவு 8.30

பார்த்தால் தெரிகிறதே!

குன்னூர் தையல் | ஜனவரி 9, இரவு 10.50

பார்த்தால் தெரியாது ஐயா. தொடர்ந்து போனால்தான் தெரியும்.

வழக்கமான கட்டில் முந்தானை வலது இடுப்பிலிருந்து மார்பின் குறுக்கே ஏறி, இடது தோள் மேலாக முதுகுப்பக்கம் விழும். அதைத் தலைக்கு இழுத்தாலும், இடது தோளோடு அதற்குள்ள தொடர்பு அறாது. ஸ்வெட்டர் உள்ளே, முந்தானை வெளியே என்றால், ஸ்வெட்டரின் மார்புப் பகுதியின் குறுக்கே சாய்வாகத் துணி போயிருக்க வேண்டும். பட்டன் வரிசையில் பாதியை அது மறைத்திருக்கும். உங்கள் படத்தில் பட்டன்கள் தெரிகின்றனவா? தலையில் உள்ள துணியின் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன? இந்த இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 10, காலை 7.05

இரவு முழுவதும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் மூலக் கோப்பைத் திறந்து முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பட்டன்கள் ஆறும் தெரிகின்றன. மார்பின் குறுக்கே எந்தத் துணியும் போகவில்லை. தலைத்துணியின் இரு முனைகளும் முன்பக்கம், தாடைக்குக் கீழே முடிச்சிடப்பட்டிருக்கின்றன. அது முந்தானையன்று, தனித்துண்டு. சாதாரணக் குளியல் துண்டு. அச்சுக்காக நான் செய்த சிறிய கறுப்பு வெள்ளைப் படியில் சேலையின் நிறமும் துண்டின் நிறமும் ஒரே சாம்பலாகிவிட்டதால், இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன்.

அதோடு முடியவில்லை. அதே நேரத்தில் எடுத்த இன்னொரு படத்தில் அவர் பாதி திரும்பியிருக்கிறார். ஸ்வெட்டரின் விளிம்புக்குக் கீழே முதுகுப்பக்கம் முந்தானையின் நுனி தொங்குகிறது. ஆகவே ஸ்வெட்டர்தான் முந்தானைக்கு மேலே இருக்கிறது. என்னைக் கவர்ந்ததாக நான் சொன்ன அந்தக் கம்பீரம் இந்தப் படத்தில் நடக்கவே இல்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 10, காலை 7.40

இன்னொன்று. ஸ்வெட்டரின் கழுத்துப் பிளவில் ஒரு காலர் தெரிகிறது. ரவிக்கைக்குக் காலர் ஏது? விளிம்புக்குக் கீழேயும், முந்தானை நுனியின் மேலாக, கட்டம் போட்ட துணி நான்கு விரற்கடை அளவு எட்டிப் பார்க்கிறது.

குன்னூர் தையல் | ஜனவரி 10, காலை 9.00

அது ஆண்களின் முழுக்கைச் சட்டை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பலர் சேலைக்கு மேலே அதை அணிவதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். செடியின் கிளைகள் கையைக் கீறாமலும் சேலை கிழியாமலும் அது காக்கிறது. சமவெளியில் கட்டட வேலைக்குப் போகும் பெண்களும் அப்படித்தான் போடுகிறார்கள். அங்கே அது வெயிலுக்காக, இங்கே குளிருக்காகவும். இந்த அம்மா தோட்டத்துக்குப் போகிறவரா, சந்தையில் வேலை செய்பவரா என்பதைச் சட்டையை வைத்துச் சொல்ல முடியாது.

ஆக, உள்ளிருந்து வெளியே ரவிக்கை, சேலை, சட்டை, ஸ்வெட்டர், துண்டு. அடுக்கு ஐந்து.

மலைநாட்டான் | ஜனவரி 10, காலை 11.15

புத்துக்குளி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கம்பளி ஸ்வெட்டர்" என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லையே. அது மட்டும் படத்தில் எப்படித் தெரிந்தது?

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 10, பகல் 12.30

நல்ல கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. உதகையின் தெருவோரக் கடைகளில் தொங்குபவற்றில் அக்ரிலிக் நூலில் பின்னியவை ஏராளம். நெருப்பில் ஒரு நூலைக் காட்டினால், கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாக உதிரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். படத்துக்கு நெருப்பு வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே நூலைச் சொல்ல வேண்டாம், வடிவத்தைச் சொல்லுங்கள். "ஸ்வெட்டர்" என்றால் போதும். ஒரு சொல்லும் மிச்சமாகிறது.

இதே காரணத்தால்தான் "பட்டு", "கைத்தறி" என்னும் சொற்களை எங்கள் பக்கத்தில், அணிந்தவரைக் கேட்டாலொழிய எழுதமாட்டோம். டோக்கியோவின் ஹராஜுகு தெருக்களில் நின்ற இளைஞர்களைப் படமெடுத்து 1997-இல் ஷோயிச்சி அவோகி தொடங்கிய ஃப்ரூட்ஸ் இதழில் ஒவ்வொரு படத்தோடும் அவரவர் வயது, தொழில், எந்த ஆடை எங்கே வாங்கியது என்ற விவரங்கள் இருந்தன. அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததற்குக் காரணம், நின்றவரிடமே கேட்டு எழுதியதுதான். தம்பி அனுமதி கேட்டார், ஆடையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காதவர் கண் போகும் தூரத்தோடு நிற்க வேண்டும்.

செல்வியின் அம்மா | ஜனவரி 10, மாலை 5.20

எல்லாரும் நன்றாக விளக்குகிறீர்கள். எனக்கும் ஒரு வரி வேண்டும். என் மகள் கல்லூரி விழாவுக்குச் சுடிதாருக்கு மேலே அவளுடைய அண்ணனின் ஜீன்ஸ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். குடும்பக் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, "சுடிதார் மேல் அண்ணன் ஜாக்கெட்" என்று எழுதினேன். ஊரிலிருந்து என் மாமியார் உடனே அழைத்து, "அண்ணன் ஏன் ஜாக்கெட் போடுகிறான்?" என்று கேட்டார். என்ன எழுதியிருக்க வேண்டும்?

குன்னூர் தையல் | ஜனவரி 10, மாலை 5.48

அம்மா, என் கடைக்கு வந்து "ஜாக்கெட் தைக்க வேண்டும்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ரவிக்கைத் துணியோடுதான் வருகிறார்கள். உங்கள் மாமியார் மேல் தவறே இல்லை.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 10, இரவு 9.30

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. சென்ற ஆண்டு வெளியிட்ட நூலில், சேலைக்கு மேலே கறுப்பு மேலாடை அணிந்த பேருந்து நிலையப் பூக்காரர் ஒருவரின் படத்துக்கு "கறுப்பு ஜாக்கெட்டில் காத்திருப்பு" என்று எழுதியிருந்தேன். படம் சிறியது. பார்த்தவர்கள் எல்லாம் ரவிக்கையின் நிறத்தைத் தேடினார்கள், ரவிக்கையோ பச்சை. அச்சுப்பிழையா என்று மூன்று பேர் எழுதிக் கேட்டார்கள். நாம் பேசும் சொல் ஒன்று, அது குறிக்கும் பொருள் இரண்டு என்றால், மேலே இருப்பதா உள்ளே இருப்பதா என்பதையே அது குழப்பிவிடுகிறது. செல்வியின் அம்மாவுக்கு என் யோசனை: "சுடிதாருக்கு மேல் அண்ணனின் ஜீன்ஸ் கோட்டு." கோட்டு என்பது துல்லியமில்லைதான், ஆனால் மாமியார் அழைக்க மாட்டார்.

யாழ்நூல் | ஜனவரி 11, காலை 8.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடத்தில் சட்டை என்றால் பெண்பிள்ளைகளின் கவுனும் சட்டைதான், சேலைக்குப் போடும் ரவிக்கையும் சட்டைதான். ஆகவே "சட்டை" என்று மட்டும் எழுதினால் இங்கு ஒருவர் வேறு உடையை நினைக்கக்கூடும்.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 11, காலை 10.00

கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் "சேலைக்கு மேல் சட்டை" என்று எழுதினால் அந்தக் குழப்பம் தானாகத் தீரும் என்று நினைக்கிறேன். ரவிக்கையைச் சேலைக்கு மேலே யாரும் அணிவதில்லை. அடுக்கைச் சொல்லும் சொல் சரியான இடத்தில் இருந்தால் ஆடையின் பெயரையும் அதுவே தெளிவாக்கிவிடும். "மேல்" என்ற ஒரு சொல்லுக்கு நம் மொழியில் இந்த வேலை உண்டு. எது முன்னே வருகிறதோ அது அடியில், எது பின்னே வருகிறதோ அது வெளியில். அதனால் வாசிப்பவரின் கண்ணும் ஆடை அணிந்த வரிசையிலேயே போகிறது. தம்பியின் இரண்டாவது வரியில் பிழைபட்டதும் இதுதான். பெயர்கள் இருந்தன, வரிசை தலைகீழாக நின்றது.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 11, இரவு 10.20

புதிய வரி:

"சேலை மேல் சட்டை, சட்டை மேல் அரக்கு ஸ்வெட்டர், தலையில் துண்டு, தேநீர் ஆறவில்லை."

ரவிக்கையை விட்டுவிட்டேன், ஏனெனில் படத்தில் அது தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சாவதால் அரக்கு என்ற நிறம் மட்டும் வாசகருக்குப் புதிய செய்தி. வண்ணத்தில் அச்சாகியிருந்தால் அதை எழுதியிருக்க மாட்டேன். சேலை வெளிர்நீலம், துண்டு வெள்ளை. மூன்று நிறத்தையும் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது என்று தோன்றியது. "முகத்தில் நிதானம்" என்பதை எடுத்துவிட்டேன். அது நிதானமா, அசதியா, வெறும் குளிரா என்று எனக்கே உறுதியில்லை. குவளையிலிருந்து ஆவி எழுவது படத்தில் தெளிவாகத் தெரிவதால் "தேநீர் ஆறவில்லை" என்றேன்.

ஆனால் சொற்கள் பதினொன்றாகிவிட்டன.

மலைநாட்டான் | ஜனவரி 11, இரவு 10.41

"சேலைமேல்" என்று சேர்த்து எழுதுங்கள். "சட்டைமேல்" என்றும் எழுதலாம். ஒன்பதாகிவிடும்.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 12, காலை 6.15

சேர்த்து எழுதினால் இடைவெளி குறையும், சொல் குறையாது. அப்படிப் பார்த்தால் முழு வரியையும் ஒன்றாக ஒட்டி ஒரே சொல் என்று கணக்குக் காட்டலாம். தமிழில் சொல்லை எண்ணுவதே அவ்வளவு நம்பகமான அளவுகோல் இல்லை; வரியின் நீளத்தை எழுத்தால் அளப்பது மேல். ஆனால் விதி தம்பியுடையது, அவரே காப்பாற்றட்டும்.

குறைக்க வழி இருக்கிறது. "மேல்" ஒரு முறை வந்தால் போதும். அதற்குப் பின் காற்புள்ளி இட்டு அடுக்கினால், வரிசை தொடர்கிறது என்று வாசிப்பவர் தாமே எடுத்துக்கொள்வார்.

"சேலைக்கு மேல் சட்டை, அரக்கு ஸ்வெட்டர், தலைத்துண்டு, தேநீர் இன்னும் ஆறவில்லை."

ஒன்பது சொற்கள். "இன்னும்" என்ற சொல்லை நான் சேர்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் செய்தி. இருந்தால், அவருக்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது என்று படுகிறது. மனநிலைக்கு நான் அனுமதிப்பது அவ்வளவுதான்.

குன்னூர் தையல் | ஜனவரி 12, காலை 9.30

ஐயா, நான் ஒன்று சொல்லலாமா? நீங்கள் எல்லாரும் மேலேயே நிற்கிறீர்கள். படத்தின் மனநிலை காலில் இருக்கிறது. காலுறை பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பின் வாரால் அழுத்தப்பட்டு உள்ளே மடிந்திருக்கும். தனிவிரல் இல்லாத சாதாரணக் காலுறையைப் போட்டுக்கொண்டு அந்தச் செருப்பில் காலை நுழைக்கும் எல்லாருக்கும் அந்த மடிப்பு விழும். கொஞ்ச நேரம் நடந்தால் அந்த இடம் உறுத்தும் என்பது போட்டவருக்குத்தான் தெரியும். தேநீரை எந்தப் படத்திலும் காட்டலாம்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 12, பகல் 2.00

போய்ப் பார்த்தேன். மடிந்துதான் இருக்கிறது. வலது காலில் வார் காலுறையை முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"சேலைக்கு மேல் சட்டை, அரக்கு ஸ்வெட்டர், தலைத்துண்டு, காலுறையைக் கவ்விய செருப்பு."

இதுவும் ஒன்பது. இப்போது கடைசிப் பாதிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, எனக்கு இரண்டும் பிடித்திருக்கின்றன.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 12, மாலை 4.10

"கவ்விய" என்பதில் செருப்புக்கு வாய் வந்துவிடுகிறது. முன்பாதி முழுவதும் வெறும் பெயர்களாக இருக்கும்போது இந்த ஒரு வினை மட்டும் துள்ளுகிறது. "காலுறையோடு செருப்பு" என்றால் எட்டுச் சொல்லில் முடியும். நான் தேநீரின் பக்கம்.

குன்னூர் தையல் | ஜனவரி 12, மாலை 6.00

"காலுறையோடு" என்றால் அந்த மடிப்புப் போய்விடுகிறதே அம்மா. உடை பற்றிய வரியில் ஆடையைத் தவிர வேறொன்றும் இல்லாமலே மனநிலை வந்துவிட்டால், தேநீரை ஏன் கூப்பிட வேண்டும்?

யாழ்நூல் | ஜனவரி 12, இரவு 7.30

"இன்னும்" இல்லாமல் தேநீர். அல்லது செருப்பு. இரண்டையும் போட வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 18, காலை 11.00

பொங்கல் விடுமுறையில் இழை அடங்கிக் கிடந்தது, நான்தான் அடங்கவில்லை. இரண்டு வரிகளையும் படத்தின் அடியில் இட்டு, அச்சாகும் அளவிலேயே தாளில் எடுத்து, வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் காட்டினேன். யாரிடமும் எது நன்றாக இருக்கிறது என்று கேட்கவில்லை. வரியைப் படித்த பிறகு கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன்.

தேநீர் வரியைப் படித்தவர்கள் குவளையைப் பார்த்தார்கள், பிறகு தாளை வைத்துவிட்டார்கள். குவளை படத்தின் நடுவிலேயே இருக்கிறது. வரி இல்லாவிட்டாலும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். செருப்பு வரியைப் படித்தவர்கள் படத்தின் கீழ்மூலைக்குப் போனார்கள். என் அத்தை தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "பாவம், உறுத்துமே" என்றார். "சட்டை" என்ற இடத்தில் இரண்டு பேர் நின்று, காலரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

நான்கைந்து பேரை வைத்துச் செய்தது பெரிய சோதனையாகாது என்பது தெரியும். ஆனாலும் எனக்கு முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது. செருப்பு வரியை எடுத்துக்கொண்டேன். "கவ்விய" பற்றி மெய்ப்புக்கார அம்மா சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அதற்கு மாற்றாக "அழுத்திய", "மடித்த", "இழுத்த" என்று போட்டுப் பார்த்ததில் எதுவும் நிற்கவில்லை.

பழைய மெய்ப்புக்காரி | ஜனவரி 18, பகல் 12.20

நான் இன்னும் தேநீரின் பக்கம்தான். இருந்தாலும் அத்தையை எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரியை உடைக்கும்போது "அரக்கு" ஒரு வரியிலும் "ஸ்வெட்டர்" அடுத்த வரியிலும் போனால், முதல் வரியைப் படிப்பவர் சட்டைதான் அரக்கு என்று எண்ணுவார்.

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 18, இரவு 8.45

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். வடிவமைப்பில் அப்படித்தான் உடைந்திருந்தது. சென்ற நூலில் இதைவிடக் கேவலமாக, "ஸ்வெட்டர்" என்ற சொல்லே நடுவில் முறிந்து, அடுத்த வரி "ட்டர்" என்று தொடங்கியது. இம்முறை "சட்டை" என்பதற்குப் பின் உள்ள காற்புள்ளியோடு முதல் வரியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். சேலையும் சட்டையும் மேலே. ஸ்வெட்டர், துண்டு, செருப்பு கீழே. முதல் வரி குட்டையாக நிற்கிறது, பரவாயில்லை.

செல்வியின் அம்மா | ஜனவரி 19, காலை 7.50

"கோட்டு" என்று மாற்றிப் போட்டேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "அது கோட்டு இல்லை" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

குன்னூர் தையல் | ஜனவரி 21, இரவு 9.10

தாமதமாகக் கவனித்தேன். நீங்கள் பட்டன்களைக் காட்டுவதற்காகப் பெரிதாக்கி இங்கே இட்ட துண்டுப்படத்தில், ஸ்வெட்டரின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேலே வந்து மூடுகிறது. அணிந்தவரின் இடம், வலத்தைச் சொல்கிறேன். ஆண்களுக்குத் தைப்பதில்தான் அப்படி வரும். பெண்களுக்கானதில் வலப்பக்கம் மேலே வரும். படத்தை எங்கும் இடவலமாகத் திருப்பிவிடவில்லையே?

கோவை நிழற்படக்காரர் | ஜனவரி 22, காலை 6.55

திருப்பவில்லை. பின்னால் உள்ள கடைப் பலகையின் எழுத்துகள் நேராகத்தான் இருக்கின்றன. அப்படியானால் சட்டையோடு ஸ்வெட்டரும் ஆணுக்காகச் செய்தது. யாருடையது, சட்டைக்காரரும் ஸ்வெட்டர்க்காரரும் ஒருவரா, பழைய துணிக் கடையில் வாங்கியதா என்பது எதுவும் படத்தில் இல்லை. அதனால் வரியில் கை வைக்கவில்லை.

கோப்பு நேற்று மாலையே அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் உதகைக்குப் போகும்போது அவருக்கு ஒரு படியைக் கொடுக்க வேண்டும். அப்போது ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்பேன்.